தீபாவளி அன்றே பரீட்சை: தங்கச்சிக்கு தேதி மாற்றக் கேட்கலாமா? (சரவாக்)

கிராணிமகள் | 1 அக்டோபர் 2024, இரவு 9:42

வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டம். அப்பா இன்னும் வேலைக்காட்டில்தான் இருக்கிறார். நான் ஆலை ஆபீசில் வேலை செய்கிறேன். தங்கச்சி சரவாக்கில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா படிக்கிறாள், இது மூன்றாவது செமஸ்டர்.

நேற்று அவர்களுக்கு பரீட்சை அட்டவணையின் டிராஃப்ட் வந்திருக்கிறது. 22, 25 தேதிகளில் ஒவ்வொரு பேப்பர். 29 செவ்வாய் காலையில் ஒன்று. அடுத்தது 31 வியாழன் காலை 9 மணிக்கு. அன்றைக்குத்தான் தீபாவளி! கடைசி பேப்பர் 1 நவம்பர் வெள்ளி மதியம் 2:30.

தீபாவளி நாடு முழுக்க பொது விடுமுறை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பா போனை வாங்கி இரண்டு தரம் பார்த்துவிட்டு, "தப்பா அடிச்சிருப்பாங்க, திருத்திடுவாங்க" என்றார். தங்கச்சி லெக்சரரிடம் கேட்டாளாம். தப்பு இல்லை, அங்கே அன்று வேலை நாள் என்று சொல்லிவிட்டார்.

தேதி மாற்றித் தரச் சொல்லிக் கேட்க முடியுமா? யாருக்கு எழுதுவது? கேட்டால் கெட்ட பெயர் வருமா? ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நியாயம்கேள் | 1 அக்டோபர், இரவு 10:05

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கூட்டரசு அரசியலமைப்பு 11-வது பிரிவு, ஒவ்வொருவருக்கும் தன் சமயத்தைப் பின்பற்ற உரிமை உண்டு. தீபாவளி தேசிய விடுமுறை. அன்றைக்குப் பரீட்சை வைப்பதே சட்டப்படி தப்பு. "மாற்றாவிட்டால் அமைச்சுக்குப் புகார் போகும்" என்று ஒரு கடிதம் போடுங்கள், மறுநாளே மாற்றுவார்கள். நாம் கெஞ்சிக் கெஞ்சித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறோம்.

---

கூச்சிங்வாசி | 1 அக்டோபர், இரவு 10:31

நியாயம்கேள் அண்ணா, கோபம் புரிகிறது. ஆனால் சரவாக்கில் தீபாவளி பொது விடுமுறை இல்லை. விடுமுறை விஷயத்தில் இந்த மாநிலத்துக்கு தனிச் சட்டம், தனிப் பட்டியல். மலேசியாவில் தீபாவளிக்கு விடுமுறை இல்லாத ஒரே மாநிலம் இதுதான். நான் இங்கே வந்து பதினோரு வருசம். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆண்டு விடுப்பில் ஒரு நாள் எடுத்துத்தான் கொண்டாடுகிறேன். காலையில் பான் ஹோக் சாலைக் கோயிலுக்குப் போனால் ஆபீஸ் உடையோடு வந்து அர்ச்சனை முடித்துவிட்டு வேலைக்கு ஓடுபவர்களைப் பார்க்கலாம்.

தங்கச்சிக்கு யாருமில்லை என்று நினைக்க வேண்டாம். ஊருக்கு வர முடியாமல் போனால் எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு பரீட்சைக்குப் போகலாம். என் மனைவியும் அதையேதான் சொல்கிறாள்.

---

மூன்றுபிள்ளைஅம்மா | 1 அக்டோபர், இரவு 10:50

எங்கள் மகனுக்கும் இதே பிரச்சினைதான். பொங்கலுக்கு ஸ்கூலில் லீவு இல்லை, அன்றைக்கு டெஸ்ட். நான் வகுப்பு டீச்சருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன், அடுத்த வாரம் தனியாக உட்கார வைத்து எழுத வைத்தார். டீச்சரிடம் நேரில் போய் பேசுங்கள், நல்லவர்கள்தான். எந்த ஸ்கூல்?

---

கிராணிமகள் | 1 அக்டோபர், இரவு 10:58

அக்கா, இது ஸ்கூல் இல்லை, காலேஜ் இறுதித் தேர்வு. தங்கச்சிக்கு 20 வயசு. சரவாக்கில் இருக்கிறாள்.

கூச்சிங்வாசி அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துக் காட்டியதும் அம்மா அழுதுவிட்டார். ரொம்ப நன்றி அண்ணா.

---

தேர்வறை22 | 2 அக்டோபர், காலை 6:15

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஒரு உயர்கல்வி நிலையத்தின் தேர்வுப் பிரிவில் 22 வருசம் இருந்தேன், அதில் பாதி வருசம் அட்டவணை போடுகிற மேசை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன் மகளே, பொறுமையாகப் படி.

முதலில், அந்த 31-ஆம் தேதி எப்படி வந்தது என்று தெரிந்துகொள். அட்டவணை போட உட்கார்ந்தால் முதல் வேலை, பொது விடுமுறை நாள்களைச் சிவப்பாக அடைப்பது. பிறகு பெரிய பேப்பர்கள், அதாவது எல்லாத் துறைக்கும் பொதுவாக நானூறு ஐநூறு பேர் எழுதுகிறவை, அவற்றுக்கு மண்டபம் ஒதுக்குவோம். மிச்சம் இருக்கிற பெட்டிகளில் சின்னப் பேப்பர்கள் உட்காரும். சரவாக் பட்டியலில் 31-க்குச் சிவப்பு கிடையாது. மேசையில் இருக்கிறவருக்கு அது வெறும் வெள்ளைப் பெட்டி. அவர் நம்மைப் பகைத்துக்கொண்டு அதைச் செய்யவில்லை. கடிதத்தின் முதல் வரியிலிருந்தே இது உன் மனதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். டிராஃப்ட் என்று ஒன்றை வெளியிடுவதே இதற்காகத்தான். இந்த நான்கு நாளும் அட்டவணை பென்சிலில் இருக்கிறது. வெள்ளி 5 மணி தாண்டினால் அது மையாகிவிடும். அதன் பிறகு மேற்பார்வையாளர் நியமனம், கேள்வித்தாள் அச்சு, உறையில் போட்டு முத்திரை என்று ஒவ்வொன்றும் அந்தத் தேதியைப் பிடித்தே நகரும். என் மேசைக்குப் பண்டிகைக் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. டிராஃப்ட் நாள்களுக்குள் வந்தவற்றைப் பற்றிப் பேச இடம் இருந்தது. பின்னால் வந்தவற்றுக்கு மனசு இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்றாவது, எதைக் கேட்பது. இங்கேதான் பிள்ளைகள் தவறுகிறார்கள். "எனக்கு மட்டும் வேறு நாள் கொடுங்கள்" என்று கேட்டால் அது பெப்பெரிக்சான் காஸ் என்கிற சிறப்புத் தேர்வாகிவிடும். அதற்கு தனிக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும், அதை வேறொருவர் சரிபார்க்க வேண்டும், தனி மேற்பார்வை வேண்டும். யாருக்கு அது கிடைக்கும் என்று விதியில் பட்டியல் இருக்கும். மருத்துவமனையில் சேர்ந்தவர், நெருங்கிய உறவில் மரணம், நாட்டுக்கு விளையாடப் போனவர், இப்படி. நான் வேலை பார்த்த இடத்தில் பண்டிகை அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் கல்லூரி விதிப் புத்தகத்தில் இருக்கிறதா என்று தங்கச்சி இன்றே பார்க்கட்டும்.

பட்டியலில் இல்லாவிட்டால் கேட்க வேண்டியது வேறு: அந்த பேப்பரையே எல்லாருக்கும் வேறு பெட்டிக்கு நகர்த்துவது. கேட்பதற்கு இது பெரிதாகத் தெரியும், ஆனால் அவர்களுக்கு இதுதான் எளிது. ஒரே கேள்வித்தாள், ஒரே மண்டபம், தேதி மட்டும் மாறும். எத்தனை பேர் எழுதுகிற பேப்பர் அது? அதைச் சொல், பிறகு மிச்சத்தைச் சொல்கிறேன்.

---

நியாயம்கேள் | 2 அக்டோபர், காலை 8:20

சரவாக் விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 11-வது பிரிவு சரவாக்குக்கும் உண்டுதானே? அதைக் கடிதத்தில் போடுவதில் என்ன தப்பு?

---

தேர்வறை22 | 2 அக்டோபர், காலை 8:47

உண்டு தம்பி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிரிவு சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது, பரீட்சை எந்த நாளில் நடக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. இதுவோ தனியார் கல்லூரி. அரசியலமைப்பு உரிமைகள் முதலில் அரசாங்கத்தை நோக்கியவை. வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். நம்மிடம் மூன்று நாள்தான் இருக்கிறது. சட்டப்பிரிவு போட்ட கடிதம் வந்தால் மேசையில் இருக்கிறவர் தானாக முடிவெடுக்கப் பயந்து மேலே அனுப்பிவிடுவார். மேலே போனது வெள்ளிக்குள் கீழே வராது. அதற்காகத்தான் வேண்டாம் என்கிறேன்.

---

பால்மரக்காட்டான் | 2 அக்டோபர், காலை 10:12

நான் 1990-களில் படித்தவன். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் பேப்பர், ஊருக்குப் போகவில்லை. விடுதியில் இன்ஸ்டன்ட் மீயைச் சுடுதண்ணீரில் போட்டுத் தின்றுவிட்டுப் படித்தேன். அதனால் என்ன குறைந்தேன்? தீபாவளி அடுத்த வருசமும் வரும். இருபது வயசுப் பிள்ளையை கல்லூரிக்காரன் கண்ணில் படும்படி கடிதம் எழுதத் தூண்டாதீர்கள். பரீட்சையை எழுதிவிட்டு வரட்டும். கோபப்படாதே அம்மா, உன் தங்கச்சி நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

---

கிராணிமகள் | 2 அக்டோபர், மதியம் 1:05

கோபம் இல்லை அங்கிள். அப்பாவும் இன்றைக்குக் காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். "எழுதட்டும், வேற என்ன செய்ய" என்றார்.

ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இது எனக்குத் தலை தீபாவளி. ஜூனில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டுக்கு வருகிறார்கள். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அம்மாவுக்கு முட்டி வலி, உட்கார்ந்து எழ முடியாது. அவள் வந்தால்தான் முறுக்கு சுடுவதிலிருந்து படையல் வரைக்கும் நடக்கும். அதற்காக மட்டும் இல்லை. அவள் இல்லாமல் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆண்டி, கேட்டுவிட்டேன். வியாழன் பேப்பர் அவர்கள் துறையின் கணக்கியல், மொத்தம் 38 பேர். மேற்கு மலேசியாவிலிருந்து போன நம் பிள்ளைகள் 6 பேர். வெள்ளிக்கிழமை பேப்பர் எல்லாத் துறைக்கும் பொது, நானூறுக்கு மேல். விதிப் புத்தகத்தில் சிறப்புத் தேர்வுக்கு நோய், மரணம், விபத்து, கல்லூரி சார்பில் வெளியே போவது மட்டும்தான் இருக்கிறது.

---

ரவாங்பையன் | 2 அக்டோபர், மதியம் 1:30

இவ்வளவு கஷ்டம் எதற்கு அக்கா? ஒரு எம்.சி. எடுத்தால் முடிந்தது. நோய் பட்டியலில் இருக்கிறதே. என் ரூம்மேட் அப்படித்தான் செய்தான்.

---

தேர்வறை22 | 2 அக்டோபர், மதியம் 2:10

தம்பி, இதை மட்டும் யாருக்கும் சொல்லாதே. நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பையன் பெருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டு எம்.சி. கொண்டுவந்து கொடுத்தான். தேதி சரி, டாக்டர் கையெழுத்தும் நிஜம். ஆனால் கிளினிக் முத்திரையில் கிள்ளான் முகவரி. பரீட்சை நடந்த ஊரிலிருந்து விமானம் ஏறித்தான் கிள்ளானுக்குப் போக முடியும். பரீட்சை அன்று காலை காய்ச்சலோடு கிள்ளானில் எப்படி இருந்தாய் என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. ஒழுங்கு நடவடிக்கைக் குழு வரை போனது. அந்த பேப்பருக்குப் பூஜ்யம். ஒரு செமஸ்டர் தள்ளிவைத்தார்கள், உபகாரச் சம்பளமும் நின்றது. அவன் அம்மா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மகளே, நீ சொன்ன எண்களில் நல்ல செய்தி இருக்கிறது. வெள்ளிக்கிழமை பேப்பரைத் தொடாதே. நானூறு பேர் பேப்பரை யாரும் நகர்த்த மாட்டார்கள். அதையும் சேர்த்துக் கேட்டால் இரண்டும் போய்விடும். வியாழன் பேப்பர் 38 பேர், ஒரே துறை. இது நகரக்கூடியது.

தங்கச்சி இன்று இரவு செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். முழுக் கல்லூரி அட்டவணையை எடுத்துக்கொள்ளட்டும், தன்னுடையதை மட்டும் அல்ல. அதில் மண்டபம் காலியாக இருக்கிற நேரங்களைக் குறிக்கட்டும். பிறகு அந்த 38 பேரில் யாருக்காவது அந்த நேரத்தில் வேறு பேப்பர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பேப்பரைத் திரும்ப எழுதும் ரிப்பீட் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை மறந்துவிட்டால் அங்கேதான் மோதும். ஒரே நேரத்தில் இரண்டு பேப்பர் யாருக்கும் வரக் கூடாது. ஒரே நாளில் இரண்டு வருவது பரவாயில்லையா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எங்கள் இடத்தில் இரண்டு வரலாம், மூன்று கூடாது.

கடிதத்தில் "வேறு ஏதாவது நாள்" என்று எழுதினால், அந்த நாளைத் தேடும் வேலையை அதிகாரியின் தலையில் போடுகிறோம். "இந்த நாள், இந்த மண்டபம், இந்த நேரம், 38 பேருக்கும் மோதல் இல்லை, பெயரும் மெட்ரிக் எண்ணும் கையெழுத்தும் இணைப்பில்" என்று எழுதினால் அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

---

கூச்சிங்வாசி | 2 அக்டோபர், மாலை 6:40

ஆண்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கே உள்ளவர்களிடம் தீபாவளியை விளக்க ஒரே சொல் போதும்: கவாய், இவர்களின் அறுவடைத் திருநாள். ஜூன் 1, 2 சரவாக்கில் கவாய் விடுமுறை, மேற்கு மலேசியாவில் கிடையாது. அங்கே படிக்கப் போன இவர்கள் பிள்ளைகள் கவாய் அன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். என் மேலாளர் ஈபான் இனத்தவர். அவர் மகள் சிலாங்கூரில் படிக்கிறாள். கவாய் அன்று வீட்டில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்களாம். எனக்கு தீபாவளி விடுப்பு கேட்டால் அவர் ஏன் என்று கேட்டதே இல்லை.

---

கிராணிமகள் | 3 அக்டோபர், இரவு 8:25

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சியும் அவள் கூடப் படிக்கும் ஒரு பிடாயு பெண்ணும், செரியான் பக்கத்து ஊர், இரவு இரண்டு மணி வரைக்கும் அட்டவணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திங்கள் 28 மதியம் 2 மணி காலி. யாருக்கும் நேரம் மோதவில்லை. ஆனால் ரிப்பீட் பிள்ளைகள் மூன்று பேருக்கு அன்று காலை வேறு பேப்பர். அவர்களுக்கு மட்டும் ஒரே நாளில் இரண்டு வரும். அந்த மூவரும் கையெழுத்துப் போடவில்லை. மிச்சம் 35 பேரும் போட்டுவிட்டார்கள். கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனது அந்த பிடாயு பெண்தான்.

மதியம் துறை ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தார்கள். நகல் தேர்வுப் பிரிவுக்கு. அவர் வாசித்துவிட்டு, மூன்று பேர் சிரமப்படுவானேன், சனி 26 காலை மண்டபம் காலி, அன்று யாருக்குமே பேப்பர் இல்லை, சனிக்கே வைத்துவிடலாமே என்றாராம். நம் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லையாம். தங்கச்சி விடாமல் கேட்டதும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் குடும்பம் அட்வெண்டிஸ்ட் கிறிஸ்தவர்கள். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும் வரைக்கும் அவர்களுக்கு ஓய்வு நாள். வேலை இல்லை, படிப்பு இல்லை, பரீட்சையும் இல்லை. "பரவாயில்லை, உங்களுக்கு வருசத்துக்கு ஒரு நாள், எனக்கு வாராவாரம் வருதே" என்று சொன்னாளாம்.

தங்கச்சி போனில் அழுகிறாள். நமக்காக ஓடினவளின் நாளை நாமே எடுப்பதா என்கிறாள். என்ன செய்வது?

---

மூன்றுபிள்ளைஅம்மா | 3 அக்டோபர், இரவு 8:51

அந்தப் பிள்ளையின் நாளைப் பறிக்கக் கூடாதம்மா. வேண்டாம். அப்படி வாங்கின நாளில் தீபாவளி கொண்டாடினால் மனசு ஒப்புமா?

---

ரவாங்பையன் | 3 அக்டோபர், இரவு 9:02

அவளே பரவாயில்லை என்று சொல்லிவிட்டாளே. 38-இல் ஒருத்தி. திங்கள் வைத்தால் மூன்று பேருக்குக் கஷ்டம், சனி வைத்தால் ஒருத்திக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

---

தேர்வறை22 | 3 அக்டோபர், இரவு 9:20

இதை அந்தக் கணக்கில் போட முடியாது தம்பி. திங்கள் வைத்தால் மூன்று பேருக்குச் சிரமம், ஆனால் அவர்களால் எழுத முடியும். சனி வைத்தால் அந்தப் பெண் எழுதவே மாட்டாள், இல்லை தன் நம்பிக்கையை மீறி எழுதுவாள். நம் பிள்ளைகள் எந்தக் காரணத்தைச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்களோ அதே காரணம் அவளுக்கு அப்படியே பொருந்தும். தேர்வுப் பிரிவுக்கு அது தெரிந்தால் சனியை அவர்களே ஒதுக்கிவிடுவார்கள். தெரியாததுதான் பிரச்சினை. 31 அவர்களுக்கு எப்படி வெள்ளைப் பெட்டியாகத் தெரிந்ததோ, அப்படித்தான் சனியும் தெரிகிறது.

நாளைக் காலை முதல் வேலையாக ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் போகட்டும். சனி வேண்டாம், ஓய்வு நாள் காரணம் என்று அந்தப் பெண்ணே தன் பெயரில் ஒரு வரி எழுதினால் நல்லது. அவள் சம்மதித்தால் மட்டும். கூடவே அந்த மூன்று பேரிடமும் திரும்பப் போய்ப் பேசட்டும். ஒரே நாளில் இரண்டு பேப்பர் விதிப்படி சரியா என்று தேர்வுப் பிரிவில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். 5 மணிக்கு முன்னால்.

---

பால்மரக்காட்டான் | 3 அக்டோபர், இரவு 10:44

அந்த பிடாயு பிள்ளைக்காக நானும் சனி வேண்டாம் என்கிறேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை. அந்த ரிப்பீட் பிள்ளைகள் மூவரும் ஏற்கெனவே ஒரு தரம் தோற்றவர்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்றால் மதியம் மூளை என்ன வேலை செய்யும்? நம் பெருநாளுக்காக அவர்கள் இன்னொரு தரம் தோற்றால் யார் பொறுப்பு? இதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

---

நியாயம்கேள் | 3 அக்டோபர், இரவு 11:10

அங்கிள், உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இதையெல்லாம் பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து தேட வேண்டியதே தப்பு. நாட்டின் மற்ற மாநிலங்களின் விடுமுறைப் பட்டியலையும் ஒரு தரம் பார்த்துவிட்டு அட்டவணை போட்டால் முடிந்தது. எல்லா மாநிலத்திலிருந்தும் பிள்ளைகளைச் சேர்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள் இல்லையா? பரீட்சை முடிந்ததும் இதைக் கேட்டு எழுத வேண்டும். பெயர் போட்டு எழுத நான் தயார்.

---

தேர்வறை22 | 4 அக்டோபர், காலை 6:05

தம்பி, இது சரியான கோரிக்கை. நான் மேசையில் இருந்தபோதே செய்திருக்க வேண்டியது, செய்யவில்லை. எழுது, நானும் சேர்ந்துகொள்கிறேன்.

---

கிராணிமகள் | 4 அக்டோபர், மாலை 6:30

காலை 8 மணிக்கே மின்னஞ்சல் போனது. அந்தப் பெண் தன் பெயரிலேயே ஒரு வரி எழுதிவிட்டாள். பதினொன்றரைக்கு தேர்வுப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி தங்கச்சியைக் கூப்பிட்டிருக்கிறார். சனி கைவிடப்பட்டது. ஒரே நாளில் இரண்டு பேப்பர் அவர்கள் விதியில் அனுமதி உண்டாம், நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி இருந்தால் போதும். காலை பேப்பர் 11-க்கு முடிகிறது, மதியம் 2-க்குத் தொடங்குகிறது. மூவரில் இரண்டு பேர் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது பையன் போடவில்லை. தனக்கு நியாயமாகப் படவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். தங்கச்சி அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. கடிதத்தில் 37 என்றே கொடுத்திருக்கிறாள்.

முடிவு அடுத்த வெள்ளி, இறுதி அட்டவணையோடு.

---

கிராணிமகள் | 11 அக்டோபர், மாலை 5:50

வந்துவிட்டது! கணக்கியல் 28 திங்கள் மதியம் 2 மணி. வெள்ளி பேப்பர் அப்படியேதான் இருக்கிறது.

அந்த மூன்றாவது பையனுக்கு தங்கச்சியும் இன்னும் இரண்டு பேரும் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கணக்கியல் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருவானா தெரியாது. அவன் கோபம் இன்னும் போகவில்லை.

இப்போது டிக்கெட். 29 செவ்வாய் மாலை கிளம்பி வருகிறாள். திரும்பிப் போக வெள்ளி காலை முதல் விமானம் எடுத்தால் 2:30-க்குப் போய்விடலாம் என்கிறார் மாப்பிள்ளை. வியாழன் முழுக்க வீட்டில் இருப்பாள். எடுக்கலாமா ஆண்டி?

---

தேர்வறை22 | 11 அக்டோபர், மாலை 6:22

எடுக்காதே. விமானம் தாமதமானது என்பதை எந்தத் தேர்வுப் பிரிவும் சிறப்புத் தேர்வுக்குக் காரணமாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அரை மணி நேரம் தாண்டினால் மண்டபத்துக்குள்ளேயே விட மாட்டார்கள். இவ்வளவு ஓடி வாங்கின நாளுக்குப் பிறகு நானூறு பேர் பேப்பரைத் தவறவிட வேண்டாம். வியாழன் இரவு விமானம். அன்றைக்கு நெடுஞ்சாலையில் நெரிசலும் இருக்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து கே.எல்.ஐ.ஏ.-க்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்.

இன்னொன்று. ஹால் சிலிப் பழையது ஏற்கெனவே இறக்கியிருந்தால் அதில் 31 என்றுதான் இருக்கும். புதிதாக இறக்கி, தேதியையும் இருக்கை எண்ணையும் பார்க்கச் சொல். தேதி மாறின பேப்பருக்குப் பழைய சிலிப்போடு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

கூச்சிங்வாசி | 11 அக்டோபர், மாலை 7:15

வியாழன் இரவு எத்தனை மணிக்கு இறங்கினாலும் நான் விமான நிலையத்தில் நிற்பேன். எங்கள் வீட்டில் தூங்கிவிட்டுப் பரீட்சைக்குப் போகட்டும். அந்த பிடாயு பிள்ளைக்கும் சேர்த்து முறுக்கு கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

---

கிராணிமகள் | 12 அக்டோபர், காலை 7:40

வியாழன் இரவு 8:10 விமானம் எடுத்துவிட்டோம். நாலரைக்கு எண்ணெய்க் குளியல். படையல் முந்தின நாள் சாயங்காலமே முடிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டாரை காலைப் பசியாறலுக்கே வரச் சொல்லியிருக்கிறோம். பதினொன்றரைக்கு இலை போட்டுவிட்டு பன்னிரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். அப்பாவே வண்டி ஓட்டுகிறாராம்.

அம்மா முறுக்கு மாவுக்கு அரிசி இரண்டு கிலோ கூட ஊறப் போடப் போவதாகச் சொன்னார். தங்கச்சி புது சிலிப்பை இறக்கிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்: 28 அக்டோபர், திங்கள், மதியம் 2:00, இருக்கை 17.